கடைசி பில் எங்கே?
அத்தியாயம் 7: பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் முறை

மருதமுனையில் சாரன், கைத்தறிச் சேலை விற்கும் ஒரு கடைக்கு ஒரு முறை பேக்கப் பார்க்கப் போயிருந்தேன். கடைக்கார ஹாஜியார் வெளி ஹாட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். செருகிப் பார்த்தோம். ஒவ்வொரு இரவும் ஒன்பதரைக்கு ஓடிய பேக்கப், திகதி திகதியாக வரிசையில் நின்றது. கடைசி ஃபைலின் பெயரில் நேற்றைய திகதி.

“ஃபைல் எல்லாம் சரியா இரிக்கிதானே தம்பி, இனி என்ன?” என்றார்.

“ஹாஜியார், இதுக்குள்ள இருக்கிற கடைசி பில் எத்தினையாம் திகதிக்குரியது?” என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாத விடயம் அது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எடுப்பதைப் பற்றியதுதான். பேக்கப் எடுப்பது எப்படி என்பதை முந்திய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். எடுத்ததை வேறொரு கணினியில் மீட்டு, அதில் கடைசி பில்லைத் தேடுவதே இப்போதைய வேலை.

## கொழும்பில் நடந்தது

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதியான லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். gov.lk என்று முடியும் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் அவற்றில் ஒன்று. அதைப் பராமரித்த ஐ.சி.டி.ஏ. நிறுவனம் 12 மணித்தியாலத்துக்குள் தொகுதியைத் திரும்ப எழுப்பிவிட்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்கான ஒன்லைன் பேக்கப்பும் தாக்குதலில் பூட்டப்பட்டுவிட்டது; தொடர்பு அறுத்துத் தனியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

பேக்கப்பே இல்லாத கதை அல்ல இது. பேக்கப் இருந்தது, மீட்பும் நடந்தது, தொகுதியும் ஓடியது. மீண்டு வந்தது மே மாதத்து உலகம் என்பதுதான் பிரச்சினை. ஜூனிலோ ஜூலையிலோ யாராவது அந்தத் தனிப் பிரதியை மட்டும் வேறொரு கணினியில் மீட்டு, கடைசி மின்னஞ்சலின் திகதியைப் பார்த்திருந்தால் அந்த இடைவெளி அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளும் இதற்கு விதிவிலக்கில்லை. 2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், அது வைத்திருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களையும் அஞ்சல் சேர்வர் ஏற்கவில்லை. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணித்தியாலம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. “பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லையே” என்று நாம் நிம்மதியாக இருப்பதற்கு எவ்வளவு பெறுமதி என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

## தொடங்குமுன் தேவையானவை

- கடைக் கணினி அல்லாத வேறொரு கணினி அல்லது லெப்டொப். வீட்டில் பிள்ளை படிக்கும் லெப்டொப் போதும். பேக்கப்பின் மொத்த அளவைப் போல ஒன்றரை மடங்கு இடம் அதில் வெறுமையாக இருக்க வேண்டும்.
- பேக்கப் இருக்கும் வெளி டிஸ்க்.
- ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை. பதிவேட்டைக் கணினியிலேயே வைத்தால், கணினி போகும் நாளில் பதிவேடும் போய்விடும்.
- மணி பார்க்க ஒரு கைபேசி.

## முதலில் பாதுகாப்பு

சோதனை செய்யப் போய் உள்ள கணக்கையும் அழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கீழே உள்ள நான்கில் ஒன்றையும் தாண்ட வேண்டாம்.

ஓடும் கணக்கின் மேல் மீட்க வேண்டாம். பில் போடும் மென்பொருட்களில் உள்ள Restore பொத்தான் பெரும்பாலும் இப்போதைய கணக்கை அழித்துவிட்டுப் பழையதை அதே இடத்தில் வைக்கும். கடைக் கணினியில் அதை அழுத்தி, உள்ளே இருப்பது ஜூன் மாதக் கணக்காக இருந்தால், ஜூனுக்குப் பிந்தியது அந்த நொடியே போய்விடும். அதனால்தான் வேறு கணினி.

வேறு கணினியின் இணையத்தையும் வலையமைப்பையும் அறுத்துவிடுங்கள். வைஃபையை நிறுத்துங்கள், வயர் இருந்தால் கழற்றுங்கள். சில பில் மென்பொருட்கள் பேக்கப்போடு சேர்த்துப் பழைய அமைப்புகளையும் மீட்கும். “தரவுத்தளம் எங்கே” என்ற முகவரியும் அதில் அடங்கும். நீங்கள் சோதனை லெப்டொப்பில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது வலையமைப்பு வழியாகக் கடையின் உண்மைக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும். அப்போது சோதனை வெற்றி போலத் தோன்றும், ஏனென்றால் கடைசி பில் இன்றையதாகவே இருக்கும்!

இரண்டு பிரதிகளையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் செருக வேண்டாம். அந்தக் கணினியில் வைரஸ் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒன்றைச் சோதித்து, கழற்றி, அலுமாரியில் வைத்த பிறகே மற்றதை எடுங்கள்.

உரிமம் பற்றி முதலில் விற்றவரிடம் கேளுங்கள். சில மென்பொருட்களின் உரிமம் ஒரு கணினிக்கு மட்டும். சோதனைக் கணினியில் அதைப் பதிந்தால் கடைக் கணினியில் நின்றுவிடக்கூடும். சோதனைக்குத் தற்காலிக அனுமதி தர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கணினி எரிந்துபோன நாளில் உரிமத்தை எப்படி மாற்றித் தருவார்கள், எத்தனை நாள் எடுக்கும் என்பதையும் அதே அழைப்பில் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

## மீட்டுப் பார்க்கும் படிகள்

1. மூன்று எண்களை எழுதுங்கள். கடை மூடிய பிறகு, பேக்கப் ஓடுவதற்கு முன், கடைக் கணினியிலிருந்து எடுங்கள்: கடைசி பில்லின் இலக்கமும் திகதியும், கடன் கணக்கின் மொத்த நிலுவை, ஃபைல்களின் எண்ணிக்கை. மூன்றாவதற்கு PowerShell திறந்து இதைத் தட்டுங்கள். D:\Kadai என்ற இடத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயர் வர வேண்டும்.

```powershell
Get-ChildItem "D:\Kadai" -Recurse -File | Measure-Object Length -Sum
```

Count என்று வருவது ஃபைல்களின் எண்ணிக்கை. Sum என்பது மொத்த அளவு, பைட்டில்.

2. பேக்கப்பை வழமைபோல் ஓட விடுங்கள். சோதனைக்காகக் கையால் விசேஷமாக ஒன்று எடுக்க வேண்டாம். நாம் பார்க்கப் போவது நாளாந்தம் தானாக ஓடுகிறதே, அந்தப் பேக்கப்பைத்தான். கையால் எடுத்தது நன்றாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

3. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகுங்கள். அங்கே C:\Sothanai என்று வெறும் ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். மணியைக் குறித்துக்கொண்டு பிரதி பண்ணத் தொடங்குங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், பிரதி மட்டும். zip என்றால் டிஸ்க்கிலேயே விரிக்காமல் C:\Sothanai இல் விரியுங்கள்.

4. டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இது பலர் தாண்டும் படி. டிஸ்க் செருகியபடி இருந்தால், நீங்கள் திறக்கும் ஃபைல் லெப்டொப்பில் இருப்பதா டிஸ்க்கில் இருப்பதா என்று குழம்பிவிடும். கழற்றிய பிறகு திறப்பது மீண்டதாகத்தான் இருக்க முடியும்.

5. எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அதே கட்டளை, இம்முறை C:\Sothanai வைத்து. எண்ணிக்கை குறைந்தால் உடனே பயப்பட வேண்டாம், ஆனால் எது குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் விடவும் வேண்டாம்.

6. மிகப் புதியதைத் தேடுங்கள்.

```powershell
Get-ChildItem "C:\Sothanai" -Recurse -File |
  Sort-Object LastWriteTime -Descending |
  Select-Object -First 10 LastWriteTime, Length, FullName
```

கடைசியாக மாற்றப்பட்ட பத்து ஃபைல்கள் திகதியோடு வரும். Length என்ற நிரலில் 0 இருந்தால் அது பெயர் மட்டும் உள்ள வெறும் ஃபைல்.

7. திறந்து பாருங்கள். பில் மென்பொருளில் மீட்டு, கடைசி பில்லைத் தேடுங்கள். முதலாம் படியில் எழுதிய இலக்கம் அதுதானா? கடன் கணக்கின் மொத்தம் ரூபாய் சதம் வரை ஒத்துப்போகிறதா? பிறகு ஒரு பழைய படம், ஒரு நடுக்காலக் கடிதம், இந்தக் கிழமை எழுதிய ஒன்று என்று மூன்று ஃபைல்களை இரட்டைச் சொடுக்கில் திறவுங்கள். பெயரைப் பார்ப்பது திறப்பதாகாது.

8. மணியைக் குறித்து, கொப்பியில் எழுதி, C:\Sothanai ஐ அழியுங்கள். Recycle Bin ஐயும் வெறுமையாக்குங்கள். இரவல் லெப்டொப் என்றால் இது கட்டாயம். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்ற பட்டியல் ஊருக்குள் போனால் அதைத் திரும்ப எடுக்க எந்தப் பேக்கப்பும் இல்லை.

## அந்தக் கடையில் கண்டவை

இப்போது மருதமுனைக் கடைக்குத் திரும்புவோம். அன்று இதே வரிசையில் செய்தோம். கடைக் கணினியில் 18,412 ஃபைல்கள், சுமார் 60 ஜிபி. அதில் பெரும் பகுதி சேலை டிசைன்களின் படங்கள். பில் கணக்கும் கடன் கணக்கும் சேர்ந்து ஒரு ஜிபி கூட இல்லை.

கடைசி பில். மீட்ட கணக்கைத் திறந்தபோது கடைசி பில் ஜூன் 14. அன்று ஓகஸ்ட் மாதம் முதலாம் திகதி. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். காரணம் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. ஜூன் நடுப்பகுதியில் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். புதிய பதிப்பு தரவுத்தளத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றியது; பழைய ஃபோல்டரையும் அழிக்காமல் விட்டது. இரவுப் பேக்கப்போ பழைய ஃபோல்டரை ஒவ்வொரு நாளும் விசுவாசமாகச் சுருக்கி, அன்றைய திகதியைப் பெயராக வைத்துக்கொண்டிருந்தது. பெயரில் நேற்று, வயிற்றுக்குள் ஜூன். அளவும் ஏறத்தாழ அதேதான் என்பதால் பார்வைக்கு ஒன்றும் பிடிபடாது. ஆறாம் படியை மட்டும் செய்து விட்டுவிட்டால் ஏமாந்துபோகக்கூடிய இடம் இதுதான். Zip இன் பெயரையும் திகதியையும் நம்பாமல் உள்ளே இருக்கும் பில்லைப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

குறைந்த ஒரு ஃபைல். மீண்டது 18,411. காணாமல் போனது நடப்பு ஆண்டின் கடன் எக்செல் ஃபைல். கணக்கு எழுதும் பையன் அதைத் திறந்தபடியே கணினியை விட்டுப் போவான். திறந்திருக்கும் ஃபைலைச் சில பேக்கப் மென்பொருட்கள் தொடாமல் தாண்டிப் போய்விடும். பதினெட்டாயிரத்தில் ஒன்று என்றால் சிறிய பிழையாகத் தெரியும். அந்த ஒன்றுதான் கடையின் கைமாற்றுக் கணக்கு முழுவதும்.

பூட்டு. முந்திய ஆண்டின் கடன் ஃபைல் கடவுச்சொல் கேட்டது. போட்டவர் ஹாஜியாரின் மூத்த மகன், அவர் கட்டாரில். கடைக் கணினியில் வேலை நடக்கும்போது யாருக்கும் அதைத் திறக்கத் தேவைப்படாததால் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அழைப்பு எடுத்தோம். அவர் வேலையில் இருந்தார். இரவு எட்டு மணிக்குத்தான் சொல் கிடைத்தது.

எழுத்து. வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதிய கடிதங்களைத் திறந்தால், “மருதமுனை” என்று இருக்க வேண்டிய இடத்தில் `kUjKid` என்று நின்றது. பிள்ளையின் லெப்டொப்பில் பாமினி எழுத்துரு இல்லை. இது பழுதல்ல. பாமினியில் தட்டிய தமிழ், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் சேமிக்கப்படுகிறது. எழுத்துருவைப் பதிந்தவுடன் தமிழாகிவிடும். ஆனால் இதை அறியாதவர் “பேக்கப் பழுதாகிவிட்டது” என்று நல்ல பிரதியைத் தூக்கி எறிந்துவிடக்கூடும். நம் பக்கத்தில் பாமினியில் எழுதிய பத்து இருபது வருடத்துக் கடிதங்கள் இல்லாத அலுவலகமே குறைவு. எழுத்துருவின் ஃபைலையும் பேக்கப்புக்குள் வைத்துவிடுங்கள். பிறின்டரின் டிரைவர், பில் மென்பொருளின் நிறுவி ஃபைல் இரண்டையும் கூடவே போடுங்கள்.

நேரம். பழைய யூ.எஸ்.பி. துளையில் நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 60 ஜிபி வர 35 நிமிடம் போனது. அது பரவாயில்லை. இதையே இணையத்தில் உள்ள பிரதியிலிருந்து, நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் இறக்குவதென்றால் 13 மணித்தியாலத்துக்கு மேல் போகும், அதுவும் கரண்ட் கட் ஆகாமல் இருந்தால். ஆகவே மீட்கும் வரிசையை எழுதி வைத்தோம்: முதலில் பில் கணக்கு, அடுத்து கடன் கணக்கு, பிறகு கடிதங்கள், கடைசியில்தான் படங்கள். முதல் இரண்டும் ஒரு ஜிபிக்குள் இருப்பதால் அதே இணைப்பில் கால் மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். கடையைத் திறக்க அவை போதும்.

## இரண்டாவது பிரதியும் சோதனைக்குரியது

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் ஒரே கடற்கரை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது கரையோரத்துக் கடையும் கடைக்காரரின் வீடும் ஒரே அலையில் போன குடும்பங்கள் உண்டு. கடையில் ஒன்று, அடுத்த தெருவில் உள்ள வீட்டில் ஒன்று என்று டிஸ்க் வைப்பது கள்ளனுக்கும் நெருப்புக்கும் போதும், கடலுக்குப் போதாது. உள்நாட்டுப் பக்கம், சம்மாந்துறையில் உறவுக்காரர் வீடு இருந்தால் ஒரு டிஸ்க்கை அங்கே வைக்கலாம். ஆனால் அங்கே போகும் வீதியையும் யோசியுங்கள். 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியைக் கடந்து ஓடிய நீர் ஓர் உழவு இயந்திரத்தையே, அதில் வந்த மத்ரசா மாணவர்களோடு அடித்துச் சென்றது. அப்படியான நாட்களில் சம்மாந்துறை டிஸ்க் பத்திரமாகத்தான் இருக்கும். யாரும் அதை எடுக்கப் போகவும் கூடாது. அந்த இடைவெளிக்குத்தான் இணையப் பிரதி.

இணையப் பிரதியில் ஒரு பொறி உண்டு. கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஃபோல்டரை ஒத்திசைய விட்டிருந்தால், கடையில் அழித்தது அங்கும் அழியும். கடையில் பூட்டப்பட்டது அங்கும் பூட்டப்பட்டதாகவே ஏறும். கூகுள் டிரைவில் அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. இதைச் சோதிக்கும் விதமும் வேறு:

1. ஒத்திசையும் ஃபோல்டரில் `sothanai.txt` என்று ஒரு ஃபைல் போட்டு, “ஒன்று” என்று எழுதிச் சேமியுங்கள். இணையத்தில் ஏறியதைப் பாருங்கள்.
2. மறுநாள் அதில் “இரண்டு” என்று மாற்றிச் சேமியுங்கள். அடுத்த நாள் அழித்துவிடுங்கள்.
3. இப்போது வேறு கணினியில், உலாவி வழியாக உள்நுழைந்து, குப்பைத்தொட்டியிலிருந்து ஃபைலை மீட்டு, அதன் பழைய பதிப்பில் “ஒன்று” வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படியில் பெரும்பாலும் தடுக்குவது வேறிடத்தில். வேறு கணினி என்றவுடன் கூகுள் கைபேசிக்குக் குறியீடு அனுப்பும். அந்தக் கைபேசி இலக்கம் இப்போது யாரிடம்? கடையை விட்டுப்போன பையனின் இலக்கமா? சிம் மாறிவிட்டதா? கடையும் கைபேசியும் ஒன்றாகப் போன நாளில் எப்படி நுழைவீர்கள்? கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சடித்து, உறையில் இட்டு ஒட்டி, சம்மாந்துறை டிஸ்க்கோடு வையுங்கள்.

## காலஅட்டவணை

ஒவ்வொரு நாளும் சோதிக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடும் நாள் என்பதால் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வெள்ளியும், ஐந்து நிமிடம். டிஸ்க்கில் புதிய பேக்கப் இருக்கிறதா, அளவு போன கிழமையைவிடத் திடீரெனக் குறைந்ததா, டிஸ்க்கில் இடம் மிச்சமா. திறக்கத் தேவையில்லை.

மாதத்தின் முதல் வெள்ளி, அரை மணித்தியாலம். பில் கணக்கையும் கடன் கணக்கையும் மட்டும் வேறு கணினியில் மீட்டு, கடைசி பில்லைப் பாருங்கள். ஒரு மாதம் கடை டிஸ்க், மறுமாதம் இணையப் பிரதி என்று மாற்றி மாற்றி.

வருடத்தில் இரண்டு முறை, அரை நாள். எட்டுப் படிகளும் முழுமையாக. ஒன்று ஒக்டோபரில், வடகீழ் மழை தொடங்குமுன். அப்போது சம்மாந்துறை டிஸ்க்கையும் எடுத்து வந்து சோதித்து, புதுப்பித்து, திருப்பி அனுப்புங்கள். மற்றது நோன்புக்கு ஒரு மாதம் முன். பெருநாள் வியாபாரத்தின் நடுவில் கணக்குப் போனால் என்ன ஆகும் என்பது துணிக்கடைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் இந்தத் திகதியை ஆங்கிலக் கலண்டரில் நிரந்தரமாகக் குறிக்காமல் வருடா வருடம் பார்த்துக் குறியுங்கள்.

அட்டவணைக்கு வெளியே, உடனே. மென்பொருளைப் புதுப்பித்தால், கணினியை மாற்றினால், ஃபோல்டரை இடம் மாற்றினால், பேக்கப் பொறுப்பாளர் வேலையை விட்டால், அன்றிரவு ஓடும் பேக்கப்பை மறுநாளே மீட்டுப் பாருங்கள். மருதமுனைக் கடை ஜூன் 15 அன்று இதைச் செய்திருந்தால் பேக்கப்பில் இருந்த இடைவெளி ஒரு நாளோடு நின்றிருக்கும்.

## பதிவேடு

கொப்பியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நிரல் போடுங்கள். மருதமுனைக் கடையின் முதல் மூன்று வரிகள் இப்படி இருந்தன:

| திகதி | எந்தப் பிரதி | கடைசி பில்: கடையில் / மீண்டதில் | கடன் மொத்தம் | நேரம் | முடிவு, செய்தது |
|---|---|---|---|---|---|
| 01.08.2025 | கடை டிஸ்க் | ஜூலை 31 / ஜூன் 14 | ஃபைல் இல்லை | 35 நி. | தோல்வி. ஃபோல்டர் முகவரி மாற்றப்பட்டது. எக்செல் மூடிய பிறகே பேக்கப் |
| 02.08.2025 | கடை டிஸ்க் | ஓகஸ்ட் 1 / ஓகஸ்ட் 1 | சரி | 6 நி. | வெற்றி (இரு கணக்கு மட்டும்) |
| 05.09.2025 | இணையம் | செப். 4 / செப். 4 | சரி | 25 நி. | உள்நுழையக் குறியீடு பழைய இலக்கத்துக்குப் போனது; மாற்றப்பட்டது |

கடைசியில் இன்னொரு நிரலில் செய்தவரின் கையொப்பம். ஒரே ஆள் எப்போதும் செய்யாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வேறொருவர் இந்த அத்தியாயத்தை மட்டும் பார்த்துச் செய்யட்டும். வழமையாகச் செய்பவர் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. அவர் எங்கே வாய் திறந்தார் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். அந்த இடத்தில்தான் ஒரு படி அவருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது.

கடவுச்சொற்களைக் கொப்பியில் எழுத வேண்டாம். “சொல் உறையில், உறை மச்சானிடம்” என்று இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். உறையைத் திறந்து, அதில் உள்ள சொல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் ஒக்டோபர்ச் சோதனையில் சேரும்.

தோல்வி என்று எழுதிய வரியை அடிக்கவோ வெட்டவோ வேண்டாம். திருத்தியதும் அடுத்த மாதம் வரை பொறுக்காமல், அன்றிரவு ஓடும் பேக்கப்பை மறுநாள் மீட்டு, அடுத்த வரியில் எழுதுங்கள். ஹாஜியார் அந்த முதலாவது வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். மென்பொருள் புதுப்பிக்க ஆள் வரும்போதெல்லாம் கொப்பியை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்துவிட்டுத்தான் தேநீர் சொல்கிறார்.